கேனில் மிஞ்சும் அந்த ஒரு லீற்றர்

மஸ்கெலியா நகரத்திலும் சாமிமலை, அப்கொட், நல்லதண்ணிப் பாதைகளிலும் பழைய சின்னக் காரில் ஹயர் ஓடும் அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும்,

வெசாக் போயாவோடு சிவனொளிபாதமலை சீசன் முடிந்ததும் உங்கள் கார்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக சேர்விஸுக்கு வரும். வரும்போது எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். “சிந்தெட்டிக் போட்டால் பத்தாயிரம் ஓடலாமாமே, விலையைப் பார்க்காமல் அதையே போட்டுவிடவா? இல்லை, வழக்கமான மினரல் ஒயிலே போதுமா?” ஆளுக்கு ஆள் நின்றபடி பதில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை இது. அதனால்தான் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு அது திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். திறந்த பிறகும் வரியோடு வருகிற விலை நம் கைக்கு எட்டுவதாக இல்லை. ஆக, மாருதி 800, ஆல்டோ, பழைய விட்ஸ் என்று நாம் வைத்திருக்கும் கார்கள் ஒன்றரை இலட்சம், இரண்டு இலட்சம் கிலோமீற்றரைத் தாண்டியும் ஓடியே ஆக வேண்டும். புதுக் காருக்குப் பொருந்துகிற ஒயில் கணக்கு இந்தக் கார்களுக்குப் பொருந்தாது. பொருந்தாமல் போவதற்குக் காரணம் ஒயில் கேனில் இல்லை, எஞ்சினில் இருக்கிறது.

நீங்கள் வாங்குவது 4 லீற்றர் கேன். ஆல்டோவுக்கோ விட்ஸுக்கோ பில்டரோடு மாற்றினால் ஏறத்தாழ 3 லீற்றர் உள்ளே போகும். ஒரு லீற்றர் மிஞ்சும். அதைத்தான் பூட்டில் ஒரு பழைய துணியில் சுற்றி வைத்திருப்பீர்கள். அந்த மிஞ்சிய லீற்றர் எத்தனை கிலோமீற்றருக்குத் தாக்குப்பிடிக்கிறது என்று எனக்குச் சொல்லுங்கள், உங்களுக்கு எந்த ஒயில் என்று நான் சொல்லிவிடுகிறேன். அடுத்த மாற்றம் வரைக்கும், அதாவது 5000 கிலோமீற்றர் ஓடியும் அது தொடப்படாமலோ பாதியாகவோ இருந்தால் சிந்தெட்டிக்கைப் பற்றிப் பேசலாம். 2000 கிலோமீற்றருக்குள்ளேயே கேன் காலியாகிவிட்டதென்றால் சிந்தெட்டிக் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

ஆனால் அளப்பதைச் சரியாக அளக்க வேண்டும். டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்க்கச் சமதளம் வேண்டும். மஸ்கெலியாவில் சமதளம் தேடுவதே ஒரு வேலை. முழுச் சமமான இடம் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், அதே திசையில் முகம் வைத்து நிறுத்துங்கள். காலையில் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் பாருங்கள், இரவு முழுக்க ஒயில் கீழே வடிந்திருக்கும். துடைத்து, முழுசாகச் செருகி, மறுபடி இழுத்து மேல்கோடு, கீழ்க்கோடு இரண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். மேல்கோட்டுக்குக் கொண்டுவர எவ்வளவு ஊற்றினீர்கள் என்பதை அளந்தே ஊற்றுங்கள். நன்றாகக் காய்ந்த அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் ஒன்று போதும். ஊற்றிய அளவையும் மீற்றரில் ஓடிய கிலோமீற்றரையும் சீசன் டிக்கெட் பின்பக்கத்தில் எழுதினாலும் சரி, எழுதி வையுங்கள். “அப்பப்போ கொஞ்சம் ஊத்துறேன் பாஸ்” என்கிற பதிலை வைத்து எதையும் கணக்குப் பார்க்க முடியாது.

இனிக் கணக்கு. ஒயில் விலை கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறுகிறது. ஆகவே நான் போடுவது எடுத்துக்காட்டு விலை மட்டும். உங்கள் கடை விலையை அந்த இடத்தில் போட்டுப் பாருங்கள். மினரல் லீற்றர் 2000 ரூபாய், சிந்தெட்டிக் லீற்றர் 4500 ரூபாய், பில்டரும் கூலியும் சேர்த்து ஒரு தடவைக்கு 2000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மினரலை 5000 கிலோமீற்றருக்கு ஒருமுறையும் சிந்தெட்டிக்கை 10,000 கிலோமீற்றருக்கு ஒருமுறையும் மாற்றுவதாகக் கொள்வோம்.

ஒயில் குடிக்காத எஞ்சின் என்றால், 10,000 கிலோமீற்றருக்கு மினரல் இரண்டு தடவை, தடவைக்கு 8000 வீதம் 16,000 ரூபாய். சிந்தெட்டிக் ஒரே தடவை, 15,500 ரூபாய். கிட்டத்தட்டச் சமம். கராஜுக்கு ஒருமுறை குறைவாக வருவதையும் சேர்த்தால் சிந்தெட்டிக் பக்கம்தான் தராசு சாயும். கேனில் எழுதியிருப்பதும் விற்பவர் சொல்வதும் இந்தக் கணக்கைத்தான்.

இப்போது அதே எஞ்சின் 2000 கிலோமீற்றருக்கு ஒரு லீற்றர் குடிக்கிறது என்று வையுங்கள். 10,000 கிலோமீற்றரில் மேலதிகமாக 5 லீற்றர் ஊற்ற வேண்டும். மினரல் என்றால் அதற்கு 10,000 ரூபாய், மொத்தம் 26,000. சிந்தெட்டிக் என்றால் 22,500 ரூபாய், மொத்தம் 38,000. வித்தியாசம் 12,000 ரூபாய். மாதம் 2000 கிலோமீற்றர் ஓடுகிற ஹயர் காருக்கு அது வருடத்தில் 28,800 ரூபாய். நீங்கள் விலை கொடுத்து வாங்குவது நீண்ட ஆயுள் உள்ள ஒயிலை. எஞ்சினோ அதை ஆயுள் முடியுமுன்பே சைலன்சர் வழியாக வெளியே அனுப்பிவிடுகிறது. பத்தாயிரம் தாங்கும் என்ற குணத்தால் யாருக்கு என்ன பயன்?

இதையே திருப்பிக் கேட்கலாம்: சிந்தெட்டிக் என்ன விலைக்கு வந்தால் இரண்டும் சமமாகும்? மேலே போட்ட விலைகளின்படி, ஒயில் குடிக்காத எஞ்சினுக்கு லீற்றர் 4600 சொச்சம் வரை கொடுக்கலாம். 5000 கிலோமீற்றருக்கு ஒரு லீற்றர் குடிக்கும் எஞ்சினுக்கு 3600. 2000 கிலோமீற்றருக்கு ஒரு லீற்றர் குடித்தால் 3000, அதாவது மினரல் விலையில் ஒன்றரை மடங்குக்கு மேல் கொடுத்தால் நட்டம். உங்கள் கார் எந்த வரிசையில் நிற்கிறது என்பதை அந்தத் தண்ணீர்ப் போத்தல்தான் சொல்ல வேண்டும்.

நடுவில் ஒரு வார்த்தை. ஒயிலை ஊற்றிக்கொண்டே இருந்தால் மாற்றவே தேவையில்லை, பழையது போய்ப் புதியது வந்துகொண்டே இருக்கிறதே என்று ஒரு வாதம் ஸ்டான்டில் அடிபடுகிறது. பாதி உண்மை. புதிய ஒயிலோடு அதில் கலந்திருக்கும் மருந்துகளும் கொஞ்சம் உள்ளே வருகின்றன. ஆனால் எரிந்து போவது ஒயில்தான். கரியும் தூளும் அடியில் தங்குகின்றன, பில்டரும் பழையதாகவே கிடக்கிறது. குடிக்கிற எஞ்சினுக்குத்தான் மாற்றமும் தவறக் கூடாது.

அடுத்தது அந்தப் பத்தாயிரம். அது நம் ஓட்டத்துக்குச் செல்லுபடியாகிற எண் இல்லை என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். கார்க் கைநூலைப் புரட்டினால் கடினமான பாவனை என்று தனியாக ஒரு பகுதி இருக்கும். குறுகிய தூரம் ஓடி நிறுத்துவது, பாரத்தோடு ஏற்றம் ஏறுவது, தூசிப் பாதை, நெடுநேரம் எஞ்சினைப் போட்டபடி நிற்பது, இவை இருந்தால் மாற்றும் இடைவெளியைக் குறைக்கச் சொல்லியிருப்பார்கள். நம்முடைய ஓட்டத்தில் இவை எல்லாமே இருக்கின்றன. நகரத்திலிருந்து தோட்டத்துக்கு மூன்று நான்கு கிலோமீற்றர், ஆளை இறக்கிவிட்டுத் திரும்பி வந்து ஸ்டான்டில் ஒரு மணிநேரம் நிறுத்தம், மறுபடி ஒரு சின்ன ஹயர். எஞ்சின் தண்ணீர் சூடாகிவிட்டாலும் அடியில் இருக்கும் ஒயில் சூடாக இன்னும் நேரம் எடுக்கும். பெற்றோல் எரியும்போது தண்ணீரும் உண்டாகிறது. அதில் ஒரு பங்கு ரிங்கைத் தாண்டிக் கீழே வந்து ஒயிலில் கலக்கிறது. எரியாத பெற்றோலும் அப்படியே. ஒயில் நன்றாகச் சூடாகி நெடுநேரம் ஓடினால் இரண்டும் ஆவியாகிப் போய்விடும். குளிரும் மூடுபனியும் உள்ள ஊரில், சின்னச் சின்ன ஓட்டத்தில், போவதில்லை.

ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து அடிப்பக்கம் பாருங்கள். டீக்கடைப் பாலாடை மாதிரி வெள்ளைக் குழம்பு ஒட்டியிருந்தால் அதுதான் இந்தத் தண்ணீர். மஸ்கெலியாவில் மழை மாதங்களில் பாதிக் கார்களில் இதைப் பார்க்கலாம். உடனே ஹெட் கஸ்கட் போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். டிப்ஸ்டிக்கிலும் அதே வெள்ளை இருந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே போனால்தான் அந்தச் சந்தேகம் வர வேண்டும். மூடியில் மட்டும் என்றால் துடைத்துவிட்டு, ஹட்டனுக்கோ அதற்கு அப்பாலோ ஒரு நீண்ட ஓட்டம் போய் வந்து பாருங்கள், குறைந்திருக்கும்.

இந்தத் தண்ணீரையும் பெற்றோலையும் சிந்தெட்டிக் தடுக்காது. அதன் பலம் வேறு இடத்தில்: கடும் சூட்டில் அது சீக்கிரம் கெட்டியாகிப் பிசுபிசுப்பதில்லை, ஆவியாவதும் குறைவு. ஆக, நம் சின்ன ஓட்டக் கார்களுக்கு நல்ல சிந்தெட்டிக்கையே போட்டாலும் 7500 கிலோமீற்றர் அல்லது ஆறு மாதம், எது முதலில் வருகிறதோ அதுதான் எல்லை என்பேன். அப்படி வைத்தால் ஒயில் குடிக்காத எஞ்சினிலேயே 10,000 கிலோமீற்றருக்குச் செலவு 20,700 ரூபாய்ப் பக்கம் வந்துவிடுகிறது. மினரலின் 16,000 மறுபடி முன்னுக்கு வருகிறது. கொழும்புக்கு ஓடுபவர்கள் கணக்கு வேறு. வாரம் மூன்று நான்கு முறை ஹட்டன், கினிகத்தேனை, கித்துல்கல வழியாக இறங்கிப் போகும் கார் ஒன்றின் ஒயில் தினமும் நன்றாகக் காய்கிறது. அந்தக் காரும் ஒயில் குடிக்காத காராக இருந்தால் பத்தாயிரம் ஓட்டுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

சரி, குடிக்கிறது என்று தெரிந்துவிட்டது. எங்கே போகிறது? இதற்கு மலைநாட்டுக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. பாதையே சோதனை பண்ணிக் காட்டும். ஹட்டனிலிருந்து கினிகத்தேனைப் பக்கம் இறங்கும்போது மூன்றாம் கியரில் போட்டு அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். கார் எஞ்சினைத் தள்ளிக்கொண்டு இறங்கும். அப்போது காற்று வரும் வழி மூடியிருப்பதால் உள்ளே பலமான உறிஞ்சல் உண்டாகிறது. வால்வ் சீல் காய்ந்து வெடித்திருந்தால் அந்த உறிஞ்சல் வால்வ் தண்டின் ஓரமாக ஒயிலை உள்ளே இழுத்துவிடும். இறக்கம் முடிந்து அக்சிலரேட்டரை மிதித்ததும் சைலன்சரிலிருந்து நீலப் புகை ஒரு மூட்டம் கிளம்பி, பிறகு நின்றுவிடும். பின்னால் வருகிற நண்பரைப் பார்க்கச் சொல்லுங்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஒரு பொட்டு நீலப்புகை வந்து மறைவதும் இதே சீலின் வேலைதான்.

மாறாக, ஆள் ஏற்றிக்கொண்டு தோட்டப் பாதையில் ஏறும்போது விடாமல் நீலப்புகை வந்தால் ரிங்கும் போரும் தேய்ந்துவிட்டன. ஓடுகிற எஞ்சினில் ஒயில் மூடியைக் கழற்றினால் குபுகுபுவென்று புகை அடிக்கும். குளிர்காலைகளில் எல்லாக் கார்களிலும் வருகிற வெள்ளை ஆவியை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள், அது வெறும் தண்ணீர்.

சீல் என்றால் தப்பித்தீர்கள். கைதேர்ந்த பாஸ் ஒருவர், பிஸ்டனை மேலே நிறுத்திச் சிலிண்டருக்குள் காற்றழுத்தம் கொடுத்து வால்வ் விழாமல் பிடித்துக்கொண்டு, ஹெட்டை இறக்காமலே மாற்றிக் கொடுப்பார். அதற்கும் முதல் எஞ்சின் புகையைத் திரும்ப உள்ளே அனுப்பும் பீசீவீ வால்வைக் கழற்றிக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே கடகடவென்று சத்தம் வர வேண்டும். அடைத்திருந்தால் எஞ்சினுக்குள் அழுத்தம் ஏறி ஒயில் கண்ட இடத்தில் கசியும், குடிப்பும் கூடும். சின்னச் சாமான், ஆனால் சேர்விஸில் யாரும் அதைத் தொடுவதில்லை. வருடத்துக்கு மேலதிகமாகப் போகிற அந்த 28,800 ரூபாயை இந்த வேலைகளுக்குச் செலவழித்தால் காசுக்குப் பலன் உண்டு. ரிங் தேய்ந்தது என்றால் ஓவர்ஹோல் பண்ணும் வரைக்கும் மினரலோடு ஓட்டுங்கள், ஆனால் அளவைக் குறைய விடாதீர்கள். மூன்று லீற்றர் எஞ்சினில் ஒரு லீற்றர் குறைந்தால் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. செங்குத்தான தோட்டப் பாதையில் மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது மிச்ச ஒயில் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை இழுக்கும். வளைவிலோ ஏற்றத்திலோ ஒயில் லைட் சிமிட்டுகிறது என்றால் விஷயம் அதுதான். லைட்டில் பழுது என்று சொல்லி வயரைக் கழற்றிவிட்டவர்களின் எஞ்சின்களை நான் பிரித்துப் பார்த்திருக்கிறேன். பேரிங்கில் செம்பு தெரியும்.

எந்த மினரல்? இங்கே பழைய மாருதி 800, ஆல்டோ ஒரு பக்கம், விட்ஸ் மறுபக்கம். மாருதியின் 796 சீசீ எஞ்சின் டைமிங் பெல்ட்டில் ஓடுகிறது. வால்வ் நேரத்தை ஒயில் அழுத்தத்தால் மாற்றும் ஏற்பாடு கிடையாது. தேய்ந்த மாருதிக்கு 20டபிள்யூ-50 போட்டால் குடிப்பு கொஞ்சம் குறையும், சத்தமும் அடங்கும். ஒரு லீற்றர் விட்ஸில் டைமிங் செயினும் வீவீடீ-ஐயும் இருக்கின்றன, இரண்டும் ஒயிலை நம்பியவை. அதற்கு 50 கனம் வேண்டாம். 10டபிள்யூ-30, தேய்ந்திருந்தால் 10டபிள்யூ-40 வரை போகலாம். அந்த அளவில் செமி சிந்தெட்டிக் நடுத்தர விலையில் கிடைக்கும். விட்ஸ்காரர்களுக்கு அதுதான் என் சிபாரிசு, 6000 கிலோமீற்றருக்கு ஒருமுறை.

முன்னால் இருக்கும் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். 5டபிள்யூ, 0டபிள்யூ எல்லாம் கடுங்குளிரில் எஞ்சின் சுழல்வதற்கான அளவு. 15டபிள்யூ ஒயிலைச் சோதிப்பதே சைபருக்குக் கீழே 20 பாகையில். மஸ்கெலியா எவ்வளவு குளிர்ந்தாலும் அந்தப் பக்கம் போகாது. குளிர் ஊர் என்பதற்காக 0டபிள்யூ-20 வாங்கித் தேய்ந்த ஆல்டோவில் ஊற்றினால், சூடானதும் தண்ணீராக ஓடி, குடிப்புத்தான் கூடும்.

விலையை விடவும் கேனில் முதலில் பார்க்க வேண்டியது வட்ட முத்திரைக்குள் இருக்கும் ஏபீஐ எழுத்துகளை. எஸ்எல் 2001இல் வந்தது, எஸ்என் 2010இல், எஸ்பீ 2020இல். எஸ்எஃப், எஸ்ஜீ என்பவை காலாவதியான தரங்கள். மலிவான கேன்களில் இன்னும் அவை வருகின்றன. மினரல் என்றால் தரம் குறைவு என்று அர்த்தம் இல்லை, எஸ்என் தரத்திலேயே மினரல் கிடைக்கிறது. எஸ்எஃப் கேனும் எஸ்என் கேனும் ஒரே கடையில், ஒரே தட்டில் இருக்கும். எழுத்தைப் பார்த்து எடுங்கள். பீப்பாயிலிருந்து அளந்து விற்கும் லூஸ் ஒயிலில் இந்த எழுத்தே இல்லை. என்னிடம் கேட்டால், அதை உழவு மெஷினுக்கும் போட மாட்டேன்.

சிந்தெட்டிக் என்ற பெயரும் நாம் நினைக்கிற அளவுக்குத் தூய்மையான பெயர் இல்லை. முழுக்க இரசாயன முறையில் கட்டிய ஒயிலைத்தான் முதலில் அப்படி அழைத்தார்கள். மொபில் 1 என்று 1974இல் அமெரிக்காவில் வந்தது அந்த வகை. பிறகு கஸ்ட்ரோல் நிறுவனம் பூமி எண்ணெயையே கடுமையாகச் சுத்திகரித்து சிந்தெட்டிக் என்று விற்றது. மொபில் ஆட்சேபித்தது. 1999இல் அமெரிக்க விளம்பரத் தீர்ப்புக் குழு அந்தப் பெயரைப் பாவிக்கலாம் என்று கஸ்ட்ரோல் பக்கம் முடிவு சொன்னது. இப்போது கடையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை அந்த இரண்டாம் வகை. நல்ல ஒயில்தான், சந்தேகம் இல்லை. ஆனால் நம் ஊரில் கேட்கிற விலை முதல் வகையின் பெயருக்கு.

கடைசியாக, சிந்தெட்டிக் போட்டால் பழைய எஞ்சின் ஒழுகும் என்ற பயம். ஆரம்ப காலத்து சிந்தெட்டிக்குகள் ரப்பர் சீலைச் சுருக்கியதுண்டு, இன்றைய கலவையில் அதைச் சரிக்கட்டிவிட்டார்கள். இன்றைக்கு ஒழுகுவது இரண்டு காரணத்தால்: மெல்லிய ஒயில் போட்டிருப்பீர்கள், அல்லது வருடக்கணக்கில் சேர்ந்த அழுக்கு கசிவை அடைத்துக்கொண்டிருந்து இப்போது கழுவிப் போயிருக்கும். ஆகவே மினரலிலிருந்து மாறுகிறவர்கள் முதல் தடவை 2000 கிலோமீற்றரிலேயே ஒயிலையும் பில்டரையும் மாற்றிவிடுங்கள். கிளம்பிய அழுக்கு அதோடு போகட்டும். எஞ்சின் பிளஷ் ஊற்றாதீர்கள். இரண்டு இலட்சம் ஓடிய எஞ்சினில் ஒரேயடியாகக் கழன்று வரும் கட்டிகள் ஒயில் இழுக்கும் சல்லடையை அடைத்தால், மிச்சம் பிடித்த காசு எல்லாம் ஓவர்ஹோலுக்குப் போய்விடும். சிந்தெட்டிக்கில் ஓடுகிற காரில் வழியில் குறைந்துபோய் மினரல்தான் கையில் இருக்கிறதா, யோசிக்காமல் ஊற்றுங்கள். இரண்டும் கலக்கும், கெட்டுப்போகாது. அந்த முறை மட்டும் பத்தாயிரம் வரை இழுக்காமல் மினரல் கணக்கில் மாற்றிவிட்டால் சரி.

அடுத்த சேர்விஸுக்கு வரும்போது போத்தல் கணக்கு எழுதிய துண்டையும் கொண்டுவாருங்கள். துண்டு இல்லாமல் வருகிறவர்களுக்கு மினரல்தான்.

இப்படிக்கு,
உங்கள் கார்களைப் பிரித்துப் பூட்டும் பாஸ்